பட்டு, பாட்டு, பத்துப் பேர்

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த கோர்டன் பீட்டர்சனும் ஹெரால்ட் பார்னியும் ஆங்கில உயிரொலிகளை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள் என 76 பேர் அவர்களுக்காகப் பேசினார்கள். சொற்கள் பத்து. ஹீட், ஹிட், ஹெட், ஹூட் என்று எல்லாமே ஒரே வார்ப்பு. நடுவிலுள்ள உயிர் மட்டும்தான் மாறும். ஒவ்வொருவரும் பட்டியலை இரண்டு முறை வாசித்தார்கள். மொத்தம் 1520 ஒலிப்புகள். ஒலியியல் பாடநூல்களில் இன்றும் அந்த வரைபடம் இடம்பெறுகிறது.

சொற்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘ஹ’வுக்கென்று நாக்கு தனியாக ஓரிடத்துக்குப் போகவேண்டியதில்லை, அடுத்து வரும் உயிரின் வடிவத்திலேயே வாய் காத்திருக்கும். அதனால் உயிரின் தொடக்கம் கலப்படமில்லாமல் கிடைக்கும். ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் சிக்கல். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அட்லாண்டிக் கரையோரத்தின் நடுப்பகுதியில் வளர்ந்தவர்கள். ஆண்களோ நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். சிலருக்கு ஆங்கிலம் முதல்மொழியே அல்ல. இதை ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, அந்தத் தரவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு உடலால் வந்தது, எவ்வளவு ஊரால் வந்தது என்று பிரிக்க வழியில்லை.

1995-இல் ஜேம்ஸ் ஹில்லன்பிராண்டும் அவருடைய குழுவினரும் மிச்சிகனில் அதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை 45 ஆண்கள், 48 பெண்கள், 46 குழந்தைகள். பெரும்பாலானவர்கள் ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். முடிவு பழைய வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. உயிரொலியில் ஃபார்மண்ட் என்ற அதிர்வு முகடுகள் உண்டு. முதல் ஃபார்மண்ட், வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது, நாக்கு முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பதை. 1952-இல் ஆண்களின் ‘ஹெட்’டுக்கு முதல் ஃபார்மண்ட் சராசரி 530 ஹெர்ட்ஸ். அதைவிட வாய் திறந்து சொல்லும் ‘ஹேட்’டுக்கு, அதாவது ‘ஹேவ்’ வினையின் இறந்தகாலத்துக்கு, 660. மிச்சிகன் ஆண்களிடம் அதே இரண்டும் 580, 588 என்று ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அந்த வட்டாரத்தில் உயிர்களே இடம் மாறிக்கொண்டிருந்தன. யாரைப் பேசவைத்தோம் என்பது அளவுகளை இந்த அளவுக்குப் புரட்டும்.

பெரிய ஆய்வகத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு மைக்கும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு ஒரு பருவத்துக்குள் ஆய்வை முடிக்கவேண்டிய மாணவி என்ன செய்வார்? அவர் தஞ்சாவூரில் முதுகலை மொழியியல் படிப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒலிக்கும் நேரம் மட்டும்தானா, அல்லது நாக்கின் நிலையும் மாறுகிறதா என்பது அவருடைய கேள்வி. ‘தமிழ் உயிர்களை ஆராய்தல்’ என்று தலைப்பு வைத்திருந்தால் எந்தச் சொல்லையும் சேர்க்கலாம், எவரையும் கூப்பிடலாம். கடைசியில் எதுவும் தேறாது. இந்தக் கேள்வி குறுகியது. அதனால் எந்தச் சொல் தேவை, எந்த ஆள் தேவை என்று அதுவே சொல்லிவிடும்.

அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ: ஐந்து இணைகள். ஒவ்வொன்றுக்கும் உயிரைத் தவிர வேறெதுவும் மாறாத இரண்டு சொற்கள் வேண்டும். தமிழறிந்த யாருக்கும் முதலில் நாக்கில் வருவது கல்-கால், பல்-பால். பார்க்க அழகான இணைகள்தான். ஆனால் பேச்சில் கல் ‘கல்லு’ ஆகிறது, கால் ‘காலு’ ஆகிறது. குறிலுக்குப் பின் இரட்டை ல், நெடிலுக்குப் பின் ஒற்றை ல். உயிர் மட்டும் மாறவேண்டிய இடத்தில் மெய்யும் மாறிவிட்டது. எழுத்தில் உள்ளபடியே வாசிக்கச் சொன்னாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஆ-விலிருந்து ல்-லுக்கு ஒலியலை வழுக்கிக்கொண்டே போகும். உயிர் முடியும் இடத்தில் கோடு போடச் சொன்னால் இரண்டு பேர் இரண்டு இடத்தில் போடுவார்கள். ர், ழ், ய், வ் எல்லாவற்றிலும் இதே கதைதான். ம், ன் பக்கத்தில் இருந்தால் உயிர் மூக்கு வழியாகவும் கசிந்து முதல் ஃபார்மண்டைக் குழப்பும்.

இகரத்துக்கு ‘இலை’யை எடுத்தால் அதைவிட மோசம். பேசும்போது பெரும்பாலானவர்கள் சொல்வது ‘எலை’. இடம் ‘எடம்’, குடம் ‘கொடம்’, உடம்பு ‘ஒடம்பு’. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் நிற்கும் இகர உகரங்கள் எகர ஒகரங்களாக இறங்குவது தமிழ்ப் பேச்சின் இயல்பு. அட்டவணையில் ‘இ’ என்று எழுதிவைத்து எகரத்தை அளந்துகொண்டிருப்பார் மாணவி. சொல்லின் தொடக்கத்தில் உயிர் வந்தால் ‘யெலி’, ‘வொலி’ என்று ய்-யும் வ்-வும் வேறு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மெய்யில் தொடங்கவேண்டும். அதுவும் க, ச, ப போலக் குரல்நாண் அதிராமல் தொடங்கும் மெய்யாக இருந்தால் உயிரின் ஆரம்பம் திரையில் பளிச்சென்று தெரியும்.

பின்னால் வரும் மெய்யும் இதேபோல வெட்டி நிறுத்துவதாக இருக்கவேண்டும். அதற்கு ‘ட்டு’ நன்றாக வாய்க்கிறது. கட்டு-காட்டு, குட்டு-கூட்டு, கெட்டு-கேட்டு, கொட்டு-கோட்டு என்று ககரத்தை வைத்தே வரிசையாக எடுத்துக்கொண்டு போகலாம். கிட்டு இருக்கிறது. கீட்டு இல்லை. இங்கே பலரும் செய்வது, ‘கீட்டு’ என்று ஒரு பொய்ச்சொல்லை நுழைப்பது. முன்பின் கேட்டிராத சொல்லை எவரும் நிறுத்தி, நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். நெடில் இன்னும் நீளும். இகர இணையை அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. எல்லாப் பேச்சாளர்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்ற, 1971-இல் லோபனோவ் சொன்ன முறையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்: ஒருவருடைய எல்லா உயிர்களின் சராசரியை நடுப்புள்ளியாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. ஒரு மூலையில் உள்ள உயிர் விடுபட்டால் அந்த நடுப்புள்ளியே நகர்ந்துவிடும்.

விட்டு-வீட்டு? அதிலும் பள்ளம் இருக்கிறது. இதழைக் கூட்டிச் சொல்லும் ப, ம, வ முன்னும், நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள போன்றவை பின்னும் வந்தால், நடுவில் உள்ள இகர எகரங்கள் பேச்சில் உகர ஒகரங்களாகச் சாய்ந்துவிடுகின்றன. வீடு பலருக்கு ‘வூடு’, விட்டு ‘வுட்டு’, பெட்டி ‘பொட்டி’, பெண் ‘பொண்ணு’. எனவே இதழைத் தொடாத சகரத்துக்குப் போகவேண்டியதுதான்: சிட்டு-சீட்டு. கடைசியில் மாணவியின் பட்டியல் இப்படி அமைகிறது: பட்டு-பாட்டு, சிட்டு-சீட்டு, குட்டு-கூட்டு, கெட்டு-கேட்டு, பொட்டு-போட்டு. பத்துச் சொல்லும் ஈரசைச் சொற்கள், எல்லாம் ‘ட்டு’வில் முடிபவை, புழக்கத்தில் உள்ளவை. அ-ஆ இணைக்கு கட்டு-காட்டு இருந்தாலும் பட்டு-பாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது: நான்கும் ஒரே வகைச் சொல் அல்ல, பட்டும் பாட்டும் பொருட்பெயர்கள், கேட்டவுடனே பொருள் தெரியும்.

இந்தப் பட்டியல் குற்றமற்றதல்ல. முதல் மெய் இணைக்கு இணை மாறுகிறது. அதனால் பட்டை பாட்டோடுதான் ஒப்பிடலாம், குட்டோடு கூடாது. கேள்வியும் குறில்-நெடில் பற்றியதுதான் என்பதால் அது போதும். ‘கேட்டு’, ‘போட்டு’ இரண்டும் நாள் முழுக்க வாயில் புரளும் சொற்கள். ‘கெட்டு’ அவ்வளவு வராது. அடிக்கடி சொல்லும் சொல் தேய்ந்து குறுகுவது வழக்கம். எகர இணையில் நேர வேறுபாடு மற்ற இணைகளைவிடக் குறைவாகத் தெரிந்தால் இந்தத் தேய்மானத்தையும் சந்தேகப்படவேண்டும். பட்டியலோடு சேர்த்தே இந்தக் குறிப்பை எழுதிவைப்பது நல்லது. முடிவைப் பார்த்த பிறகு காரணம் தேடினால் எல்லாக் காரணமும் பொருந்துவதுபோலத் தோன்றும்.

பட்டை ‘பாடு’வோடு இணைசேர்ப்பது கண்ணில் படாமல் நழுவும் பிழை. ‘பட்டு’வில் இரட்டை ட, ஒலிப்பில்லாதது. ‘பாடு’வில் ஒற்றை ட, அதுவும் இரண்டு உயிருக்கு நடுவே அதிர்ந்து ஒலிப்பது. அப்படிப்பட்ட மெய்க்கு முன்னால் உயிர் நீள்வது பல மொழிகளில் காணும் இயல்பு. நெடிலால் எவ்வளவு நீண்டது, மெய்யால் எவ்வளவு நீண்டது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. பீட்டர்சன்-பார்னி தரவில் உடலும் ஊரும் பின்னிக்கொண்டதைப் போன்றதே இது.

இனி ஆட்கள். கூடப் படிப்பவர்களைக் கூப்பிடுவது சுலபம். மொழியியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன அளக்கப்போகிறோம் என்பது மூன்றாவது சொல்லிலேயே புரிந்துவிடும். தமிழாசிரியர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், மேடைப் பேச்சாளர்கள் ஆகியோரும் வேண்டாம். நெடிலை அளந்து உச்சரிக்கப் பழகியவர்கள் அவர்கள். தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்து, வெளியூரில் நெடுநாள் தங்காத, 20 முதல் 30 வயதுக்குட்பட்ட பத்துப் பேர்: ஐந்து பெண்கள், ஐந்து ஆண்கள். வீட்டில் பேசும் மொழி, பெற்றோரின் ஊர், படித்த பள்ளியின் பயிற்றுமொழி, கேட்கும் திறனில் குறை உண்டா என்ற கேள்விகளை ஒலிப்பதிவுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

இந்த இடத்தில் ஆசை வரும். நெல்லையில் இரண்டு பேர், கோவையில் இரண்டு, சென்னையில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் இரண்டு என்று எடுத்தால் ஆய்வுக்கு ஒரு பரப்பு கிடைக்குமே! கிடைக்காது. ஊருக்கு இருவர் என்றால், அந்த இருவரின் தனிப் பழக்கம் எது, ஊரின் பழக்கம் எது என்று தெரியாது. பத்துப் பேர்தான் முடியும் என்றால் ஓர் ஊரோடு நிற்பதே நேர்மை. ஆண்-பெண் வேறுபாடு இந்த வடிவமைப்பில் அவ்வளவு தொந்தரவு தராது. பெண்களின் தொண்டையும் வாயும் சேர்ந்த குழல் பொதுவாகக் குட்டையானது என்பதால் ஃபார்மண்டுகள் உயர்ந்திருக்கும். ஆனால் ஒப்பீடு ஒரே வாயில் வந்த பட்டுக்கும் பாட்டுக்கும் இடையில்தான். அவரவருக்கு அவரவரே அளவுகோல்.

எத்தனை முறை சொல்லவைப்பது? இங்கேதான் சிறிய ஆய்வுகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. பத்துப் பேர், பத்துச் சொல், ஐந்து முறை என்றால் 500 ஒலிப்புகள். ‘500 தரவுகள்’ என்று புள்ளியியல் மென்பொருளுக்குள் போட்டால் எந்தச் சிறு வேறுபாடும் உறுதியானது என்று அது சொல்லிவிடும். ஆனால் அங்கே இருப்பவர்கள் பத்துப் பேர்தான். ஒருவரே ஐம்பது முறை சொன்னாலும் அவர் ஐம்பது பேராகிவிட மாட்டார். இந்த மயக்கத்தை 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் ‘போலி மறுபதிவு’ என்ற பொருளில் பெயரிட்டுக் கண்டித்தார். சொற்களிலும் இதே மயக்கம் உண்டு என்பதை 1973-லேயே உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் எடுத்துக்காட்டியிருந்தார்: ஒரு சொல்லில் கண்டதை மொழி முழுவதற்கும் நீட்ட முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள நேர வேறுபாடு ஆளுக்கு ஆள் 20 மில்லி நொடி அளவுக்குச் சிதறுகிறது என்று கொள்வோம். ஒரே ஆள் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது வரும் சிதறல் 15 மில்லி நொடி. பத்துப் பேர் ஐந்து முறை சொன்னால் சராசரியின் பிழை சுமார் 7 மில்லி நொடி. பத்து முறையாகக் கூட்டினால், பதிவும் அளவிடும் உழைப்பும் இரட்டிப்பாகி, பிழை 6.7-க்குத்தான் இறங்குகிறது. அதே உழைப்பை ஐந்து முறை வீதம் இருபது பேர் என்று செலவழித்தால் பிழை 5-க்குக் கீழே போய்விடுகிறது. கூட்டவேண்டியது ஆட்களை.

அப்படியானால் ஒரே முறை போதாதா? போதாது. ஒருவர் இருமுவார், வெளியே வண்டி ஹாரன் அடிக்கும், மென்பொருள் ஃபார்மண்டைத் தவறாகப் பிடிக்கும். நான்கு முதல் ஆறு முறை இருந்தால் கெட்டதைத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் களைப்பு ஏறி, சொற்கள் சப்பென்று ஒரே தாளத்தில் வரத் தொடங்கும்.

ஐந்து முறை என்றால் ‘பட்டு, பட்டு, பட்டு’ என்று தொடர்ந்து சொல்லவைப்பதல்ல. அப்படிச் செய்தால் முதலாவது தெளிவாக வரும், கடைசியில் குரல் இறங்கி உயிர் இழுபடும். பத்துச் சொற்களும் ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று வரிசை கலைக்கப்படவேண்டும். பட்டும் பாட்டும் அடுத்தடுத்து வரக்கூடாது. வந்தால் ‘ஓ, குறில் நெடில் பார்க்கிறார்கள்’ என்று பேசுபவர் உஷாராகி நெடிலை நீட்டுவார். ‘மேசை’, ‘குருவி’ போல எட்டு இடைச்சொற்களையும் கலந்து, சுற்றின் முதல் இரண்டு இடங்களையும் கடைசி இரண்டு இடங்களையும் அவற்றுக்கே கொடுத்துவிடலாம். சுற்றுக்கு 18 அட்டை, ஐந்து சுற்றுக்கு 90. இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் கால் மணி நேரத்தில் ஒருவருக்கு முடிந்துவிடும்.

சொல்லைத் தனியாகச் சொல்லவைக்காமல் ஒரு வாக்கியத்துக்குள் வைப்பது நல்லது. வேகம் ஓரளவு சீராக இருக்கும். ஆனால் வாக்கியத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். ‘அங்கே பட்டு எழுது’ என்றால் ‘பட்டெழுது’ ஆகிவிடும். உயிர் வந்ததும் குற்றியலுகரம் ஓடிப்போகும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஈரசைச் சொல் அதன் அசையை இழந்தால் முதல் உயிரின் நீளமும் பாதிக்கப்படும். ‘பட்டுன்னு சொல்லு’ என்பதும் சொல்லின் வாலைப் பிடித்துக்கொள்ளும். ‘இப்ப பட்டு சொல்லு’ பாதுகாப்பானது: முன்னால் எப்போதும் ஓர் அகரம், பின்னால் எப்போதும் ஒரு சகரம். ‘இப்பொழுது’ என்று எழுதாமல் ‘இப்ப’ என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. அட்டையில் செந்தமிழைக் கண்டால் வாய் உடனே மேடைத்தமிழுக்கு மாறிவிடும். வாசிப்பவர் வேறு ஆளாகிவிடுவார்.

பத்துப் பேரையும் கூப்பிடுவதற்கு முன், கணக்கில் சேராத இரண்டு பேரை வைத்து ஒத்திகை பார்ப்பது அவசியம். ‘சிட்டு’ என்ற அட்டையைப் பார்த்து ஒருவர் தயங்கினால், அவருக்கு அது ‘சிட்டுக்குருவி’யில் மட்டுமே தெரிந்த சொல் என்று அப்போதுதான் புலப்படும். பதிவுக்கு முன் எல்லாச் சொற்களையும் ஒருமுறை சாதாரணமாகக் காட்டிப் பழக்கிவிட்டால் தயக்கம் நீங்கும். ஒத்திகைப் பதிவை ‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருளில் திறந்து அளந்தும் பார்க்கவேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய அந்த மென்பொருளில், ஃபார்மண்ட் தேடும் உச்சவரம்பு இயல்பாக 5500 ஹெர்ட்ஸ். அது பெண்குரலுக்கு ஏற்றது, ஆண்குரலுக்கு 5000 என்று மாற்றவேண்டும். உகர ஊகாரங்களில் முதல் இரண்டு ஃபார்மண்டுகளும் நெருங்கி நிற்பதால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டு மேலே தாவுவதுண்டு. ஒருவருடைய ‘கூட்டு’வில் நான்கு முறை இரண்டாவது ஃபார்மண்ட் 900-த்தை ஒட்டி வந்து, ஐந்தாவது முறை 2400 என்று காட்டினால் அவருடைய நாக்கு திடீரென்று முன்னே பாய்ந்துவிடவில்லை, மென்பொருள் தாவியிருக்கிறது. ஐந்து முறை பதிந்ததன் பயன் இங்கே தெரியும். ஒரே பதிவு மட்டும் இருந்திருந்தால் 2400-ஐச் சந்தேகிக்க எதுவுமே இருந்திருக்காது. வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி வாங்கும் குரல்களில் இந்தத் தாவல்கள் இன்னும் கூடும். சுருக்கிச் சேமிக்கும்போது ஒலியின் விவரங்கள் சில போய்விடுகின்றன.

எல்லாம் சரியாக நடந்து, குறிலைவிட நெடில் நீளம் மட்டுமல்ல, நாக்கின் நிலையும் வேறு என்று பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் தெரிந்தாலும், மாணவி அதைத் தமிழ் உயிர்களின் பொது இயல்பு என்று எழுத முடியாது. பத்துச் சொல்லும் ‘ட்டு’வில் முடிகின்றன. டகரத்துக்காக நாக்கின் நுனி மடியத் தொடங்கும்போது முன்னுயிர்கள் பின்னுக்கு இழுபடும். நீளும் ஈகாரத்தைவிடச் சட்டென்று முடியும் இகரத்தை அந்த இழுப்பு அதிகம் தின்னக்கூடும். அப்படியானால் கண்டது நெடிலின் தன்மையா, டகரத்தின் வேலையா? இதைத் தீர்க்க, நாக்கை மடிக்காத ‘த்து’வில் இரண்டாவது பட்டியல் வேண்டும்: கத்து-காத்து, குத்து-கூத்து, கொத்து-கோத்து, செத்து-சேத்து. இகர இணைக்கு மறுபடியும் திண்டாட்டம்தான். ‘சித்து’ இருக்கிறது, ‘சீத்து’ இல்லை. தென்னங்கீற்றைக் ‘கீத்து’ என்பார்கள், ‘கித்து’ கிடையாது. ‘காத்து’ம் ‘கீத்து’ம் தஞ்சாவூரில்தான் செல்லும். யாழ்ப்பாணத்தில் காற்றின் ற்ற வேறாக ஒலிப்பதால், அங்கே போகிறவர் பட்டியலை முதலிலிருந்து எழுதவேண்டும்.